வங்கியில் 100, வெளியே 160: டாலருக்காகக் காத்திருந்த அனுபவம்

அச்சு இயந்திரத்துக்கான உதிரி பாகங்களை இறக்குமதி செய்ய எனக்கு 12,000 டாலர் தேவைப்பட்டது. அரசு நிர்ணயித்த விலையில் ஒரு டாலர் 100 (கணக்குப் புரிவதற்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்). பணம் முழுதும் தயாராக இருந்தது, விலைப்பட்டியலோடு வங்கிக்குப் போனேன், மருந்துக்கும் எரிபொருளுக்கும் கொடுத்த பிறகுதான் மற்றவர்களுக்கு என்று சொல்லி விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒன்பது வாரம் கழித்து 3,000 டாலர் மட்டும் கிடைத்தது.

வெளியே 160 கொடுத்தால் அன்றைக்கே டாலர் கிடைக்கும் என்றார்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம், வங்கி வழியாகப் பணம் போனதற்கான ஆவணம் இல்லாமல் சரக்கைச் சுங்கத்தில் எடுக்க முடியாது. அதனால் நான் வாங்கவில்லை. ஆனால் வங்கியில் இல்லாத டாலர் வெளியே மட்டும் எப்படி இருக்கிறது என்ற கேள்வி விடவில்லை.

பதுக்கல்காரர்கள்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். வெளிநாட்டில் வேலை செய்யும் உறவினர் ஒருவரிடம் பேசியபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவர் மாதம் 500 டாலர் அனுப்புகிறவர். வங்கி வழியாக அனுப்பினால் வீட்டுக்கு 50,000 கிடைக்கும். அங்கேயே ஒரு தரகரிடம் டாலரைக் கொடுத்தால், தரகரின் ஆள் இங்கே வீட்டில் 80,000 கொடுத்துவிடுவார். அந்த 500 டாலர் நாட்டுக்குள் வருவதே இல்லை, வெளியிலேயே இருந்து, வரிசையில் காத்திருக்க முடியாத யாரோ ஒருவருடைய கட்டணத்துக்குப் போய்விடுகிறது. இப்படி ஒவ்வொருவரும் நகர நகர வங்கிக்கு வரும் டாலர் குறைகிறது, வரிசை நீள்கிறது, வெளிவிலை இன்னும் ஏறுகிறது. குடும்பத்துக்கு 30,000 கூடுதலாகக் கிடைக்கும்போது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இலங்கையில் நடந்ததும் இதுதான். 2021 செப்டம்பரிலிருந்து 2022 மார்ச் தொடக்கம் வரை டாலரைச் சுமார் 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்தார்கள். 2020இல் சுமார் 710 கோடி டாலராக இருந்த புலம்பெயர் தொழிலாளர்களின் வங்கிவழிப் பணம் 2021இல் சுமார் 550 கோடியாகச் சுருங்கியது.

இதில் பலரும் தவறாக எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. 160தான் உண்மையான விலை என்பார்கள். அப்படி இல்லை. வரிசையில் கிடைக்காமல் மிச்சம் நிற்கும் தேவையும், பிடிபடும் பயமும், நாளை இன்னும் ஏறும் என்ற அச்சமும் சேர்ந்த விலை அது. பிறகு அரசு விலையை 140க்கு உயர்த்தியபோது வெளிவிலை சில வாரங்களில் 150க்கு இறங்கியது. உறவினரும் வங்கிக்குத் திரும்பிவிட்டார், 5,000 வித்தியாசத்துக்காகத் தரகரை நம்பிக் காத்திருக்க அவருக்கு விருப்பமில்லை. மீதி 9,000 டாலர் எனக்கு அந்த 140இல்தான் கிடைத்தது, சராசரியாக ஒரு டாலர் 130 விழுந்தது.