நிறம் போன பின்னும் நிற்கும் உப்பு: சாயக்கழிவுநீர் குறித்த ஒரு பணிக்குறிப்பு

சாயப்பட்டறையின் கழிவுநீர் ஆய்வகத்தில் பணியாற்றிய காலத்தில், பார்வையாளர்கள் எவர் வந்தாலும் முதலில் கேட்டது நிறத்தைப் பற்றித்தான். சுத்திகரிப்புக்கு முன் கருநீலமாக இருந்த நீர், சுத்திகரிப்புக்குப் பின் கண்ணாடிக் குடுவையில் தெளிந்து நிற்பதைக் கண்டதும் பலர் நிம்மதியடைந்துவிடுவார்கள். அந்தத் தெளிந்த நீரில் 100 மில்லிலிட்டர் எடுத்து, வடிகட்டி, பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சுண்ட வைத்து, 180 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி எடுத்தால், கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். சுரண்டி எடை போட்டால் ஏறக்குறைய ஒரு கிராம் வரும். அதாவது, லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள். நாங்கள் டி.டி.எஸ். என்று குறிப்பிடும் இந்த அளவே சாயக்கழிவுநீரின் மிகக் கடினமான பகுதி. கண்ணுக்குத் தெரியாததால் மிக எளிதாக மறக்கப்படுவதும் இதுவே. பருத்தித் துணிக்குச் சாயமேற்றும்போது இந்த உப்பு எங்கிருந்து வருகிறது, துரிதமாக மாறும் ஆடை வணிகம் அதை எப்படிப் பெருக்குகிறது, நாம் அளக்கும் முறை எப்படி அதை மறைக்கிறது என்பவற்றையே இக்குறிப்பில் பதிவு செய்கிறேன்.

பின்னலாடைத் துணிக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயமே பயன்படுகிறது. 1956-இல் விற்பனைக்கு வந்த இவ்வகைச் சாயம், பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பு கொள்வதால் துவைத்தாலும் எளிதில் போகாது. ஆடை வாங்குபவர் விரும்பும் பளிச்சென்ற நிறமும் அதில் கிடைக்கும். ஆனால் நீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பும் சாய மூலக்கூறும் ஒரே எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால், சாயம் தானாக இழையை நெருங்குவதில்லை. இந்த விலக்கத்தைத் தணித்து, நீரில் இருக்கும் சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்காகவே சோடியம் சல்பேட்டையோ சாதாரண உப்பையோ கொட்டுகிறோம். வெளிர் நிறங்களுக்கு இது குறைவு. அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். சாயம் இழைக்குள் ஏறியபின் சோடா ஆஷ் சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்தினால் பிணைப்பு நடக்கிறது. உப்பின் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. துணியில் அது தங்குவதில்லை. போட்ட உப்பு ஏறக்குறைய முழுவதும் வடிகாலுக்கே வந்து சேர்கிறது.

ஒரு லாட்டின் கணக்கு

500 கிலோ துணி, கறுப்பு நிறம், சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் நீர் என்று வைத்துக்கொள்வோம். சாயத்தொட்டியில் 4,000 லிட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு 80 கிராம் வீதம் 320 கிலோ உப்பு, 20 கிராம் வீதம் 80 கிலோ சோடா ஆஷ், துணி எடையில் 6 சதவீதமாக 30 கிலோ சாயம். சாயத்தில் முக்கால் பங்கு துணியில் பிணைந்தால் மீதி 7.5 கிலோ, நீரோடு வினைபுரிந்து செயலிழந்த நிலையில் வெளியேறும். இந்த ஏழரைக் கிலோதான் கண்ணில் படும் நிறம். அதனோடு கண்ணில் படாமல் போவது, சோடா ஆஷையும் சேர்த்து, 400 கிலோ உப்பு. சாயத்தொட்டியின் நீர் மட்டும் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் உப்பு கொண்டது. கடல்நீரில் இருப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

சாயமேற்றுவதற்கு முன் கொதிக்கவைத்து வெளுப்பதும், பெராக்சைடை நீக்குவதும், சாயமேற்றிய பின் அமிலத்தால் நடுநிலையாக்குவதும், செயலிழந்த சாயத்தை வெளியேற்ற 95 டிகிரியில் சோப்பு நீரில் அலசுவதும், மீண்டும் அலசுவதும், இறுதியில் மென்மையாக்குவதும், சாயமேற்றும் நீரோடு சேர்ந்து, ஏறக்குறைய பத்துத் தண்ணீர், அதாவது பத்து முறை தொட்டியை நிரப்பும் நீர் ஆகிவிடும். மொத்தம் 40,000 லிட்டர். கிலோவுக்கு 80 லிட்டர். இவையனைத்தும் ஒரே தொட்டியில் கலந்தால் அந்த 400 கிலோ உப்பு லிட்டருக்கு 10,000 மில்லிகிராமாக நிற்கும். கிலோ துணிக்கு 800 கிராம் உப்பு என்றால், 150 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-சர்ட்டுக்கு 120 கிராம். ஆடையின் எடைக்குச் சற்றே குறைவான உப்பு அதன் பெயரில் வெளியேறுகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நம்ப மறுத்தேன். கிடங்கில் இறங்கும் உப்பு மூட்டைகளின் பதிவேட்டைப் பார்த்த பிறகு மறுக்க இடமில்லாமல் போயிற்று.

இனி, அதே கறுப்புக்கு 200 கிலோ மட்டுமே ஆர்டர் வருகிறது. சிறிய இயந்திரம் காலியாக இல்லை, அனுப்பவேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. எனவே 500 கிலோ இயந்திரத்திலேயே துணியை ஏற்றுகிறார்கள். பம்பும் நாசிலும் ஓடுவதற்கு ஒரு குறைந்தபட்ச நீர் தேவை. அதை 2,800 லிட்டர் என்று கொண்டால், கிலோவுக்கு 8 லிட்டராக இருந்தது 14 லிட்டராகிவிடுகிறது. உப்பும் சோடாவும் துணியின் எடைக்கன்றி நீரின் அளவுக்கே போடப்படுவதால் 280 கிலோ சேர்கிறது. கிலோ துணிக்கு 800 கிராமாக இருந்த உப்பு 1,400 கிராமாகவும், 80 லிட்டராக இருந்த நீர் 140 லிட்டராகவும் உயர்கின்றன. ஆனால் ஆய்வக அறிக்கை என்ன சொல்கிறது? 28,000 லிட்டரில் 280 கிலோ. லிட்டருக்கு அதே 10,000 மில்லிகிராம். ஒரு கிலோ துணிக்கான சுமை முக்கால் மடங்கு கூடிய பிறகும் அறிக்கையில் ஓர் எண்கூட மாறுவதில்லை.

ஃபாஸ்ட் ஃபேஷன் சாயப்பட்டறைக்குள் நுழைவது இந்த வழியாகத்தான் என்று நான் கருதுகிறேன். ஆடைகளின் எண்ணிக்கை பெருகுவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது; அது உண்மையே. ஆனால் ஒவ்வொரு ஆடையின் சுமையும் கூடுவது குறைவாகவே கவனிக்கப்படுகிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய வரிசை, ஒவ்வொன்றிலும் பல ஷேடுகள், ஒவ்வொரு ஷேடுக்கும் சிறிய லாட். கறுப்புக்குப் பின் வெளிர் மஞ்சள் வந்தால் இயந்திரத்தையே கழுவித்தான் ஆகவேண்டும். அந்தக் கழுவுநீர் எந்த ஆடையின் கணக்கிலும் வருவதில்லை. அவகாசம் குறையும்போது ஆய்வகத்தில் ஷேடைச் சரியாக ஒத்துப்பார்க்காமலே பெரிய இயந்திரத்திற்குப் போகிறார்கள். நிறம் ஒத்துவராவிட்டால் காஸ்டிக் சோடாவும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டும் சேர்த்து நிறத்தை உரித்துவிட்டு, மறுபடி உப்பு, மறுபடி சோடா. ஒரு துணிக்கு இருமுறை உப்பு போட்டதை நெருக்கடி மாதங்களில் அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

சுத்திகரிப்பு எதை நீக்குகிறது

நுண்ணுயிர்த் தொட்டி, மாவுச்சத்து, சோப்பு, அசிட்டிக் அமிலம் போன்றவற்றைத் தின்று, நீரிலுள்ள ஆக்சிஜனை இழுக்கும் கரிம மாசின் அளவான பி.ஓ.டி.யைக் குறைக்கிறது. அசோ வகைச் சாயங்கள் காற்றூட்டிய தொட்டியில் எளிதில் சிதைவதில்லை என்பதால் நிறத்துக்கு வேறு வழி தேடுகிறார்கள். சுண்ணாம்பும் பெரஸ் சல்பேட்டும் போட்டால் நிறம் படிந்து கசடாகிறது. ஆனால் சேர்த்த ரசாயனத்தின் ஒரு பகுதி கரைந்த நிலையிலேயே தங்கி டி.டி.எஸ்.ஸை மேலும் உயர்த்துகிறது. ஹைப்போகுளோரைட் ஊற்றி வெளுக்கும் வழக்கம் இதைவிடக் கவலைக்குரியது: நிறம் போய்விடும், குளோரைடு கூடும், குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களும் உருவாகும். தெளிவாகத் தெரியும் நீர் சில சமயம் வந்ததைவிட உப்புக் கூடியதாக வெளியேறுவது இதனால்தான். மின்கடத்துதிறன் மீட்டரை நுழைவிலும் வெளியேற்றத்திலும் நனைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும். பல கட்டங்களாக ஓட்டினால் பெரும்பகுதி நீர் மீண்டும் சாயமேற்றப் பயன்படும். மீதமாகும் அடர்நீரை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பைப் படியவைக்க வேண்டியுள்ளது. மின்சாரமும் நீராவியும் இங்கேதான் அதிகம் செலவாகின்றன. சாயத்தொட்டியின் நீரை அலசல் நீரோடு கலக்காமல் தனிக்குழாயில் எடுத்தால், நேனோ வடிகட்டியால் நிறத்தைப் பிரித்து அந்த உப்புநீரையே அடுத்த லாட்டுக்குத் திருப்பலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் கிடைப்பது சல்பேட்டும் குளோரைடும் கசடும் கலந்த உப்பு. அதைச் சாயமேற்றத் திரும்பப் பயன்படுத்த முடியாது, வாங்குவாரும் இல்லை. நீர் ஆற்றுக்குப் போகவில்லை என்று பெருமையோடு சொல்லும் இடங்களிலும் இம்மூட்டைகள் கொட்டகையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மழையில் நனைந்தால் அவை மீண்டும் கழிவுநீராகும்.

உப்புநீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் வாடுவது முதற்கட்டமே. சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்துவிடுவதால் மண் இறுகி, நீர் உள்ளே இறங்காமல் தேங்குகிறது. அப்படி இறுகிய நிலம் சாயப்பட்டறை நின்ற பிறகும் நீண்ட காலம் மீளுவதில்லை.

எதை அளப்பது

ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் நீர் என்ற எண் பலமுறை எடுத்தாளப்படுகிறது. 2002-இல் ஆர்யென் ஹூக்ஸ்ட்ரா முன்வைத்த நீர்த்தடம் என்னும் கருத்திலிருந்து வளர்ந்த கணக்கு அது. அதன் பெரும்பகுதி பருத்தி வயலுக்குரியது, மழைநீரும் அதில் அடங்கும். அதன் பக்கத்தில் வைத்தால் நமது டி-சர்ட்டுக்குச் சாயப்பட்டறை எடுக்கும் 12 லிட்டர் ஒன்றுமில்லை என்று தோன்றும். அதே கணக்குமுறையில் சாம்பல் நீர் என்றொரு பகுதி உண்டு: வெளியேறும் மாசை அனுமதிக்கத்தக்க அளவுக்கு நீர்க்கச் செய்ய எவ்வளவு நீர் வேண்டும் என்பது. ஏற்கும் ஆற்றில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் இருக்கிறது, 2,000 வரை அனுமதி என்று கொண்டால், 120 கிராம் உப்புக்கு 80 லிட்டர் தேவை. அனுமதி வரம்பை 1,000 ஆக்கினால் அதுவே 240 லிட்டர். வரம்பை யார் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறுகிறது. மேலும், வயலின் நீர் பரந்த நிலத்தில் பல மாதங்களில் செலவாகிறது. சாயப்பட்டறையின் உப்போ ஒரே ஓடையில், ஒவ்வொரு நாளும் இறங்குகிறது.

எங்கள் பிரிவில் இறுதியில் செறிவோடு சுமையையும் எழுதத் தொடங்கினோம்: அன்று சாயமேற்றிய துணி எத்தனை கிலோ, கிடங்கிலிருந்து எடுத்த உப்பு எத்தனை கிலோ, வெளியேறிய நீரின் அளவையும் டி.டி.எஸ்.ஸையும் பெருக்கினால் எத்தனை கிலோ. எடுத்த உப்புக்கும் கணக்கில் வந்த உப்புக்கும் பெரிய இடைவெளி இருந்தால், எங்கோ ஒரு குழாய் மீட்டரைத் தவிர்த்துச் செல்கிறது அல்லது நல்ல நீரைக் கலந்து செறிவைக் குறைத்த பின் மாதிரி எடுக்கப்படுகிறது. இன்னொன்றும் அப்போதுதான் புலப்பட்டது. 500 கிலோ லாட்டில் அலசல்களைக் குறைத்து, பத்துத் தண்ணீரை ஏழாக்கியபோது 12,000 லிட்டர் நீர் மிச்சமாயிற்று; ஆனால் அதே 400 கிலோ உப்பு குறைந்த நீரில் நின்றதால் டி.டி.எஸ். 14,000-ஐத் தாண்டியது. செறிவை மட்டும் பார்த்த தணிக்கையாளர் அதைப் பின்னடைவு என்று எழுதினார். நீரைச் சேமித்தவருக்குக் கண்டனமும், தாராளமாக அலசியவருக்குப் பாராட்டும் போய்ச்சேரும் அளவீடு அது.

உப்பே தேவைப்படாத வழியும் இருக்கிறது. கோல்ட் பேட் பேட்ச் முறையில் துணியைச் சாயமும் காரமும் கலந்த சிறு தொட்டியில் தோய்த்துப் பிழிந்து, உருளையில் சுற்றி, அறை வெப்பத்தில் பல மணி நேரம் சுழலவிடுகிறார்கள். நீர் மிகக் குறைவாக இருப்பதால் சாயத்தைத் தள்ள உப்பு வேண்டியதில்லை. ஆனால் ஷேடு முழு நீளத்திலும் ஒரே சீராக வருவதற்கு நீண்ட ஓட்டமும், பொறுமையாகச் சுழலவிட ஓர் இரவும் வேண்டும். பின்னல் துணி இழுபடும் என்பதால் கூடுதல் கவனமும் தேவை. 200 கிலோ லாட்டோடு வந்து மறுநாளே துணி வேண்டும் என்று கேட்கும் ஆர்டரில் இந்த முறைக்கு இடமில்லை. லாட்டின் அளவும் கெடுவும் ஆர்டர் தாளில் எழுதப்படும்போதே, எத்தனை கிலோ உப்பு வடிகாலில் இறங்கும் என்பது பெருமளவு முடிவாகிவிடுகிறது.