பதிவேட்டில் விடுபட்ட 193 நாட்கள்

மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சார்பில் நான் மாதம் இரண்டு முறை ஒரு மத்திய சிறைக்குப் போவேன். வக்கீல் வைக்க வசதியில்லாத விசாரணைக் கைதிகளிடம் வழக்கு விவரம் கேட்டு மனு எழுதித் தருவது என் வேலை. 2024 அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை அந்தத் தம்பியைப் பார்த்தேன். கட்டட வேலையில் கையாளாக இருந்தவர், முப்பத்திரண்டு வயது. அவர் மனு எதுவும் கேட்கவில்லை.

"மேடம், குத்தத்த ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுடுவாங்களாமே, உள்ள எல்லாரும் சொல்றாங்க. எழுதிக் குடுங்க, கையெழுத்து போடுறேன்" என்றார்.

எத்தனை நாளாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் எட்டு மாசம்." பதிவேட்டைப் பார்த்தேன். 2022 பிப்ரவரி 2 அன்று உள்ளே வந்தவர், ஆக கணக்கு சரிதான். பிரிவு என்ற கட்டத்தில் 392, வழிப்பறி, அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டு. அதில் பாதியை உள்ளே கழித்த விசாரணைக் கைதியை ஜாமீனில் விடச் சட்டம் இடம் தருகிறது, அந்தப் பாதி 5 ஆண்டு என்று கணினியே கணக்குப் போட்டிருந்தது. அதனால்தான் விசாரணைக் கைதிகள் மறு ஆய்வுக் குழுவுக்குப் போகும் பட்டியலில் இவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன்: "தம்பி, இதுக்கு முன்னாடி எப்பயாவது உள்ள வந்திருக்கீங்களா?"

"இதே பைக் கேசுக்குத்தான் மேடம். 2019-ல."

அங்கிருந்துதான் முடிச்சு அவிழ ஆரம்பித்தது. 2019 மார்ச் 11 அன்று பைக் திருட்டு வழக்கில், இந்திய தண்டனைச் சட்டம் 379-ஆம் பிரிவில் கைதாகியிருக்கிறார். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் செப்டம்பர் 20-இல்தான் வெளியே வந்தார். அது 193 நாள். பிறகு கொரோனா வந்தது, வேலை தேடி வேறு ஊருக்குப் போனார், வாய்தாவுக்கு வரவில்லை, பிடியாணை பிறந்தது. 2022-இல் அந்தப் பிடியாணையில்தான் மறுபடி பிடிபட்டார். அடுத்த மாதமே, வேறொரு காவல் நிலையத்தின் வழிப்பறி வழக்கில், சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் பி.டி. வாரண்ட் போட்டுச் சிறையிலிருந்தபடியே கைது காட்டினார்கள்.

இப்போது கூட்டிப் பார்த்தேன். பைக் வழக்கில் இரண்டாவது முறை 976 நாள், முதல் முறை 193 நாள், மொத்தம் 1,169. 379-க்கு அதிகபட்சத் தண்டனையே மூன்று வருடம்தான். குற்றம் நிரூபிக்கப்பட்டு முழுத் தண்டனை கொடுத்திருந்தாலும் எழுபது நாளுக்கு முன்பே அந்த வழக்கில் அவர் தண்டனையை முடித்திருப்பார். பதிவேடு கடைசியாக உள்ளே வந்த தேதியை மட்டும் வைத்திருந்தது, முதல் 193 நாள் அதில் இல்லை. இரண்டு வழக்கில் பெரிய பிரிவை மட்டும் வைத்திருந்ததால், சின்ன வழக்கின் பாதி தண்டனைக் காலமான ஒன்றரை ஆண்டு எப்போது கடந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை.

குற்றத்தை ஒத்துக்கொள்வதைப் பற்றி அவரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் சொன்னது பொய்யில்லை. ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாளைத் தண்டனையில் கழித்துவிடுவார்கள், பைக் வழக்கு அன்றே முடியும். ஆனால் அதோடு அவர் தண்டனை பெற்றவராகிவிடுவார். திருட்டு போன்ற குற்றத்துக்கு ஒருமுறை தண்டனை ஆகிவிட்டால், பின்னால் அதே வகைக் குற்றத்தில் பத்து ஆண்டோ ஆயுளோ கொடுக்க பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு இடம் தந்தது. 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 13-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அதோடு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இதற்கு முன் தண்டனை பெறாதவருக்கு அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தில் விடுதலை தருகிறது, அந்தச் சலுகையும் போய்விடும். "நான் அந்த பைக்க எடுக்கல மேடம். ஆனா இதுக்கு மேல முடியல" என்றார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லி வெளியே போகும் வழியை ஒரு மனிதன் விரும்பிக் கேட்கும்படி வைத்திருந்தோம் என்பது இன்னமும் எனக்கு ஆறவில்லை.

மனுவுக்கு அடிப்படை புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இது 436ஏ, 2006 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அதிகபட்சத் தண்டனைக்கு மேல் எந்த விசாரணைக் கைதியையும் வைத்திருக்கக் கூடாது என்ற வரி இரண்டிலும் உண்டு. புதிய சட்டத்துக்கு முந்தைய வழக்குகளுக்கும் 479 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. மனுவைச் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அதனால் 2019-இன் ரிமாண்ட் வாரண்ட், விடுவிப்பு உத்தரவு இரண்டின் நகலையும் நீதிமன்றக் கட்டிலிருந்து எடுத்து, நாள் கணக்கு அட்டவணையோடு கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். அவர் அன்றே கையெழுத்துப் போட்டார்.

நீதிமன்றத்தில் அரசு உதவி வழக்கறிஞர் இரண்டு ஆட்சேபம் சொன்னார். ஓடிப்போனவர், தாமதம் அவரால்தான், அதைக் கழிக்க வேண்டும் என்பது முதலாவது. சட்டம் கழிக்கச் சொல்வது, குற்றம் சாட்டப்பட்டவர் செய்த தாமதத்தால் *சிறையில்* கழிந்த நாளை. வாய்தாவுக்கு வராத காலத்தில் இவர் வெளியே இருந்தார், அந்த நாட்களை நான் கூட்டவே இல்லை. பிடிபட்ட பிறகு வழக்கு நகராததற்குக் காரணம் பைக்கின் சொந்தக்காரருக்குச் சம்மன் போய்ச் சேராதது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தால் ஜாமீனில் விடக்கூடாது என்று 479-இன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. இந்த வரியைக் கேட்டதும் பல மனுக்கள் அத்தோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த உட்பிரிவின் தொடக்கத்திலேயே, முதல் உட்பிரிவின் மூன்றாம் வரம்புரைக்கு உட்பட்டு, என்று இருக்கிறது. மூன்றாம் வரம்புரைதான் அதிகபட்சத் தண்டனையைத் தாண்டி வைக்கக் கூடாது என்பது. பாதி, மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கைப் பல வழக்குகள் தடுக்கலாம், இந்தக் கணக்கைத் தடுக்க முடியாது. நடுவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்தார். சொந்த ஜாமீனில் விட உத்தரவிட்டார்.

அதோடு கதவு திறக்கவில்லை. வழிப்பறி வழக்கு இருக்கிறதே. அதில் 2022 ஜூனிலேயே ஜாமீன் கிடைத்திருந்தது, தலா பத்தாயிரத்துக்கு இரண்டு ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையோடு. அம்மா இறந்துவிட்டார், வேறு யாரும் இல்லை, எனவே அந்த உத்தரவு இரண்டு வருடத்துக்கு மேல் கட்டுக்குள் கிடந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் வராவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லியிருந்தது. இவர் விஷயத்தில் யாரும் யாருக்கும் எழுதவில்லை. அந்த உத்தரவைக் காட்டி நிபந்தனை மாற்ற மனுப் போட்டேன். ஆறாம் நாள், ஆதார் நகலும் சொந்த ஜாமீன் பத்திரமும் போதும் என்று மாற்றினார்கள்.

அவர் வெளியே வந்தபோது மாலை ஏழு மணி. இரண்டு வழக்கின் வாய்தா தேதிகளையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பைக் வழக்கு இன்னும் நடக்கிறது, தவறாமல் வருகிறார்.

அடுத்த முறை சிறைக்குப் போனபோது, இரண்டு வழக்கு உள்ளவர்கள், பிடியாணையில் வந்தவர்கள் எல்லோரையும் தனியாக அழைத்து, முதல் கைது தேதியைக் கேட்டேன். பதினேழு பேரில் நான்கு பேருக்கு முந்தைய சிறை நாட்கள் பதிவேட்டில் இல்லை. யாரும் அதிகபட்சத்தைத் தாண்டவில்லை. இருவர் பாதியைத் தாண்டியிருந்தார்கள். அங்கிருந்த எழுத்தர் பதிவேட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு கட்டம் போட்டு, "முந்தைய காவல்" என்று தலைப்பு எழுதினார்.