எம்.பி.ஏ. புராஜெக்ட்: எந்த கேப்ஷன் ஆர்டர் கொண்டுவந்தது என்று நிரூபித்த விதம்

மார்க்கெட்டிங் புராஜெக்ட்டுக்கு சிறு கடையை எடுக்கப்போகும் ஜூனியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஈரோட்டில் சித்தி நடத்தும் பொடிக் கடைதான் என் களம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும், வெப்சைட் கிடையாது. இரண்டு கேப்ஷனில் எது விற்கிறது என்பதுதான் கேள்வி.

முதல் கேப்ஷன்: "காலையில சட்னி அரைக்க நேரமில்லையா? நாங்க இருக்கோம்!" இரண்டாவது: "எள்ளு இட்லிப் பொடி, 250 கிராம் 160 ரூபாய். இன்னைக்குச் சொன்னா நாளைக்கு கூரியர்." இரண்டுக்கும் ஒரே போட்டோ, ஒரே 20 ரூபாய் தள்ளுபடி. தள்ளுபடித் தொகை மாறினால் நீங்கள் சோதிப்பது கேப்ஷனை அல்ல, தள்ளுபடியை.

ஒன்றை இன்றும் இன்னொன்றை நாளையும் போடாதீர்கள். சம்பளம் வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நடுவில் புகுந்து கணக்கைக் கெடுத்துவிடும். சித்தியின் போனில் இருந்த வாடிக்கையாளர்களை நம்பரின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து இரண்டு பிராட்காஸ்ட் லிஸ்ட்டாகப் பிரித்தேன். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், கடை நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். லிஸ்ட்டுக்கு 200 பேர் வைத்து, இரண்டு லிஸ்ட்டுக்கும் ஒரே மாலையில் அனுப்பினோம்.

கூப்பன் கோடு முதல் கேப்ஷனுக்கு KILI20, இரண்டாவதுக்கு ROJA20. கோடு தேர்வில் கொஞ்சம் மெனக்கெடுங்கள். வாடிக்கையாளர் போனிலும் சொல்வார் என்பதால் காதுக்கு வேறு வேறாக ஒலிக்க வேண்டும், மல்லி, முல்லை என்று வைத்தால் குழப்பம்தான். துளசி மாதிரிப் பெயரும் வேண்டாம், ஒருவர் TULASI என்று அடிப்பார், இன்னொருவர் THULASI என்பார். கோடே ஆசை காட்டுவதாகவும் இருக்கக் கூடாது. ஒரு கேப்ஷனுக்கு SUPER20 என்று வைத்தால் அதுவும் விளம்பரமாகிவிடும்.

எல்லோரும் கோடை ஞாபகம் வைத்துச் சொல்ல மாட்டார்கள். அதற்குத்தான் லிங்க். தொட்டவுடன் கடையின் சாட் திறந்து, கோடு ஏற்கெனவே டைப் ஆகி நிற்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KILI20%20idli%20podi
```

X இருக்கும் இடத்தில் கடை நம்பர், பிளஸ் குறியோ முன்னால் பூஜ்யமோ வேண்டாம். %20 என்பது இடைவெளி. ROJA20-க்குத் தனி லிங்க். இரண்டையும் ஷார்ட் லிங்க்காக மாற்றி அந்தந்த கேப்ஷனுக்குக் கீழே வைத்தேன். கிளிக்கை ஷார்ட் லிங்க் எண்ணும், ஆர்டரை கோடு எண்ணும். இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் லிங்க்கைத் தொட்டால் திறக்காது, அங்கே சோதித்தால் கோடு மட்டும்தான் கைகொடுக்கும்.

முடிவு இப்படி வந்தது: முதல் கேப்ஷனுக்கு 58 கிளிக், 9 ஆர்டர். இரண்டாவதுக்கு 44 கிளிக், 26 ஆர்டர். "லிங்க்கைத் தொட்டவங்க அதுலதானே ஜாஸ்தி?" என்று சித்திக்கு ஆச்சரியம். சாட்களைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. முதல் கேப்ஷனில் வந்தவர்களில் பலர் "விலை எவ்வளவு?" என்று கேட்டு, பதில் பார்த்ததும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். இரண்டாவதில் வந்தவர்கள் விலை தெரிந்தே வந்ததால் "2 பாக்கெட்" என்று எழுதிவிட்டு முகவரி அனுப்பினார்கள். கிளிக் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் தவறான கேப்ஷன் ஜெயித்திருக்கும். அதிலும் ஷார்ட் லிங்க் கணக்கில் நாமே சோதித்த கிளிக்கும், செயலிகள் பிரிவ்யூவுக்காக எடுக்கும் கோரிக்கைகளும் சேர்ந்துவிடலாம்.

வைவாவில் வந்த கேள்வி: "இது தற்செயல் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இரண்டு லிஸ்ட்டும் சம அளவு என்பதால் எளிய கணக்கு போதும். ஆர்டர்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 9 + 26 = 35, வர்க்கமூலம் சுமார் 5.9, இரட்டிப்பு 11.8. வித்தியாசம் 17, அதைத் தாண்டுகிறது. இதுவே 14-க்கு 9 என்று வந்திருந்தால் எல்லை 9.6, வித்தியாசம் வெறும் 5. அப்போது எது ஜெயித்தது என்று சொல்ல முடியாது, ரிப்போர்ட்டிலும் அப்படியே எழுத வேண்டும்.

கோடு இல்லாமல் வந்த ஆர்டர்களுக்கு நோட்டில் தனிப் பத்தி வையுங்கள். அது கோடு சொன்ன ஆர்டர்களைவிடப் பெருத்தால் ஒப்பீட்டில் பலமில்லை. கோடு கசிவதையும் கவனியுங்கள். நாங்கள் ஆர்டர் செய்தவரின் நம்பர் எந்த லிஸ்ட்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். லிஸ்ட்டிலேயே இல்லாத நம்பரிலிருந்து ROJA20 வந்தால், யாரோ தோழிக்கு ஃபார்வர்ட் செய்திருக்கிறார் என்று அர்த்தம். அந்த ஆர்டர் சித்திக்கு லாபம், ஆனால் 26-இல் சேர்க்கவில்லை.

இன்னொரு வரம்பும் உண்டு. இரண்டாவது கேப்ஷனில் விலையும் இருக்கிறது, கூரியர் நாளும் இருக்கிறது. எது வேலை செய்தது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அடுத்து இதே பொடியை எடுப்பவர் இரண்டு கேப்ஷனிலும் விலையை வைத்துவிட்டு, கூரியர் வரியை மட்டும் ஒன்றிலிருந்து நீக்கி, புதுக் கோடுகளோடு அனுப்பிப் பாருங்கள்.