உணவு, பானப் பரிமாறல் தியரி தேர்வு: பி.இ.ஓ.வைப் படித்த விதம்

இந்தத் தேர்வுக்குப் படிக்கும்போது பரிமாறும் முறைகள், பஃபே, விருந்து நிகழ்வின் விவரங்களை எழுதிவைக்கும் தாளான பாங்க்வெட் ஈவன்ட் ஆர்டர், அதாவது பி.இ.ஓ., என்று மூன்று பாடங்களாகத்தான் எடுத்துக்கொண்டேன். தேர்விலோ மூன்றும் ஒரே கேள்விக்குள் வந்தன.

பரிமாறும் முறைகளை மனப்பாடம் செய்யவே இல்லை. சாப்பாடு எந்த இடத்தில் தட்டுக்குப் பங்காகிறது என்று மட்டும் பார்த்தேன். சமையலறையிலேயே தட்டில் வைத்து வந்தால் அமெரிக்கன். விருந்தினர் பக்கத்தில் கெரிடான் வண்டியில் முடித்துத் தட்டில் வைத்தால் ஃபிரெஞ்சு. பெரிய பிளாட்டரிலிருந்து சர்வர் கரண்டியும் முள்கரண்டியும் கொண்டு எடுத்து வைத்தால் சில்வர் சர்வீஸ். இதைச் சில பாடநூல்கள் ரஷ்யன் என்றும், சில இங்கிலீஷ் என்றும் சொல்கின்றன. அதனால் உங்கள் தேர்வுக்குரிய நூல் சொல்வதையே பிடித்துக்கொள்ளுங்கள். பிளாட்டரை ஏன் இடப்பக்கமிருந்து நீட்ட வேண்டும்? சர்வரின் இடக்கையில் பிளாட்டர் இருக்கும். விருந்தினரின் இடப்பக்கம் நின்றால்தான் வலக்கை தட்டுக்கு நேராகப் போகும். காரணம் தெரிந்துவிட்டால் பக்கம் மறக்காது.

அதிக மதிப்பெண் பி.இ.ஓ. கேள்விக்குத்தான். உறுதி செய்த எண்ணிக்கை 240, கூடுதல் ஏற்பாடு 5 சதவீதம், வட்ட மேசைக்கு 10 பேர், உணவு 7:30க்கு, உரை 8:00க்கு. பஃபேயில் ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 4 பேர் நகர்வார்கள் என்றும் கொடுத்திருந்தார்கள்.

240க்கு 5 சதவீதம் 12. ஆக 252 இருக்கை, 26 மேசை. 25 போட்டால் இரண்டு பேர் நிற்பார்கள். அடுத்தது பஃபே. ஒற்றை வரிசை என்றால் 240 பேர் எடுத்து முடிக்க 60 நிமிடம். இருபுறமும் எடுக்கும்படி ஒரு மேசை போட்டால் 30 நிமிடம். கணக்கு சரியாக வருவதுபோல் தெரியும், ஆனால் கடைசி ஆள் தட்டோடு உட்காரும்போது உரை தொடங்கிவிடும். அதனால் இருபுற மேசை இரண்டு என்று எழுதினேன்: 15 நிமிடத்தில் எல்லோரும் எடுத்துவிடுவார்கள், சாப்பிட 15 நிமிடமாவது மிஞ்சும். இந்தக் கேள்வியின் உயிரே அந்த இரண்டு நேரங்களில்தான் இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

தட்டுகள் வரிசையின் தொடக்கத்தில், சாஸ் அதற்குரிய உணவின் பக்கத்தில். கரண்டிகளைத் தொடக்கத்தில் வைத்தால் ஒரு கை அங்கேயே அடைபட்டுப்போகும்; கடைசியில் அல்லது சாப்பாட்டு மேசையிலேயே வைப்பது நல்லது.

கடைசிப் பகுதி பில். வந்தவர்கள் 232 பேர். பி.இ.ஓ.வில் உறுதி எண்ணிக்கை, வருகை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் என்றிருந்தது. ஆக 240 பேருக்கு. 247 பேர் வந்திருந்தால் 247க்கு. அந்த 252 ஏற்பாட்டுக்கு மட்டுமே, பில்லில் அது வராது என்று ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது.