ராத்திரி ஷட்டர் இறங்கின பிறகு: எங்கள் சலூன் பெண்கள் வீடு போய்ச் சேரும் ஏற்பாடு

வேளச்சேரியில் ஒரு சலூனுக்கு மேனேஜராக இருக்கிறேன். ஆண், பெண் இரு தரப்பும் வரும் கடை. 12 பேர் வேலை பார்க்கிறோம், அதில் 8 பேர் பெண்கள். போர்டில் இரவு 9 மணி வரை என்று போட்டிருக்கும். ஆனால் பெண்கள் கடையை விட்டுக் கிளம்பப் பத்து மணி ஆகும், சனிக்கிழமை என்றால் பத்தரைகூட ஆகிவிடும். இதைச் சரிசெய்ய என்னென்ன செய்தோம், எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை எழுதுகிறேன். இதே தொழிலில் இருப்பவர்களுக்கும், வேலை முடிந்து சாயங்காலம் பார்லருக்கு வரும் பெண்களுக்கும் பயன்படலாம்.

முதலில் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று அப்பாயிண்ட்மென்ட் நோட்டை வைத்துக்கொண்டு பார்த்தோம். திரெடிங்குக்கும் ஹேர்கட்டுக்கும் கடைசி நேரத்தில் ஆள் வந்தால் பத்து நிமிஷம், அரை மணி நேரம்தான் கூடுகிறது. லேட்டான ராத்திரிகளில் பெரும்பாலானவற்றில் நோட்டில் ஸ்மூத்தனிங் அல்லது ஹேர் கலர் இருந்தது. ஸ்மூத்தனிங் பாதியில் நிறுத்த முடியாத வேலை. முடியை அலசி, க்ரீம் போட்டு, அது பிடித்துவிட்டதா என்று ஓரிரு இழையை இழுத்துப் பார்த்து, அலசிக் காயவைத்து, மெல்லிய பகுதிகளாகப் பிரித்து அயர்ன் பண்ணி, பிறகு நியூட்ரலைசர் போட்டு மறுபடி அலச வேண்டும். க்ரீம் போட்ட பிறகு "மீதியை நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொன்னால் முடி உடைந்து கையோடு வரும். தோள் வரை முடி என்றால் மூன்று மணி நேரத்தில் முடியும். இடுப்பு வரை அடர்த்தியான முடிக்கு ஐந்து மணி நேரம் வரை போகும். போனில் "நார்மல் லெங்த்துதான்" என்று சொல்லிவிட்டு வருகிறவர் ஜடையை அவிழ்த்த பிறகுதான் நமக்கு விஷயமே தெரியும்.

அதனால் கடை மூடும் நேரத்தைத் தொடாமல், ஒவ்வொரு வேலையையும் எத்தனை மணிக்குள் ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தோம். நீளமான முடிக்கு ஸ்மூத்தனிங் மதியம் இரண்டு மணிக்குள், தோள் அளவுக்கு நான்குக்குள், கலர் ஐந்துக்குள், ஃபேஷியல் ஏழுக்குள், திரெடிங் மட்டும் எட்டரை வரை. புக்கிங் எடுக்கும்போதே முடியின் பின்பக்க போட்டோ ஒன்று கேட்டு வாங்குகிறோம். முகம் வேண்டாம், பின்பக்கம் மட்டும் போதும் என்று சொன்னால் யாரும் தயங்குவதில்லை.

மூடும் வேலைகளையும் பிரித்தோம். துண்டுகளைத் துவைக்கப் போடுவது, சீப்பு கத்திரி ஸ்டெரிலைஸ் பண்ணுவது, தரையில் முடி கூட்டுவது எல்லாம் முன்பு கடைசி கஸ்டமர் போன பிறகுதான் நடக்கும். இப்போது எட்டு மணிக்கே பாதி நாற்காலிகளைத் துடைத்து ஒதுக்கிவிடுகிறோம். கல்லாக் கணக்கு எட்டரைக்கே ஒரு முறை பார்க்கப்படும், அதற்குப் பிறகு வருவது மறுநாள் கணக்கில் சேரும். இந்த ஒரு மாற்றத்திலேயே அரை மணி நேரம் மிச்சமானது.

அடுத்தது சட்டம். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுக்கத் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019-ல் ஆணை போட்டது, பிறகு அதை நீட்டித்தது. பலருக்கு அந்த முதல் பாதி மட்டும் தெரியும். அதே ஆணையில் நிபந்தனைகள் இருக்கின்றன. சாதாரணமாகப் பெண்களை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. எட்டிலிருந்து காலை 6 மணி வரை வேலை என்றால் அந்தப் பெண்ணின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும், பாதுகாப்பும் போக்குவரத்து வசதியும் தர வேண்டும், வண்டி வசதி உண்டு என்ற அறிவிப்பைக் கடையின் முக்கிய வாசலில் ஒட்ட வேண்டும். உள் புகார்க் குழுவும் இருக்க வேண்டும். கடை ஏற்பாடு செய்யும் வண்டியும் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி பணியிடம்தான். வண்டியில் ஏதாவது நடந்தால் "அது வெளியில நடந்தது" என்று கடை ஒதுங்க முடியாது. 10 பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம்.

சம்மதக் கடிதம் வாங்குவது ஒரு கையெழுத்து வேலை என்று முதலாளி நினைத்தார். எங்களுக்கு அதுதான் அதிக நேரம் எடுத்தது. ஒரு பெண், அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, நான் கையெழுத்துப் போடலைன்னா வேலை போகாதுன்னு சொல்றீங்க. இன்சென்டிவ் போயிடுமே?"

அவள் கேட்டது நியாயம். சலூனில் அடிப்படைச் சம்பளம் குறைவு, டார்கெட்டைத் தாண்டினால் வரும் இன்சென்டிவில்தான் வீட்டு வாடகை ஓடுகிறது. கஸ்டமர் கூட்டமோ ஆபீஸ் முடிந்து ஆறரைக்கு மேல்தான். ஏழு மணிக்குக் கிளம்புகிறவளுக்கு டார்கெட் எட்டவே எட்டாது. அப்படியிருக்கும்போது "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். ஆகவே இரண்டு விஷயம் செய்தோம். ஸ்மூத்தனிங், கலர் போன்ற பெரிய பில் வேலைகள் பகலுக்கு நகர்ந்துவிட்டதால், அவற்றைச் சீக்கிரம் கிளம்பும் பெண்களுக்கு முதலில் கொடுத்தோம். டார்கெட்டையும் வேலை செய்யும் மணி நேரத்துக்கு ஏற்ப வைக்கச் சொல்லி முதலாளியிடம் பேசினேன். ஒத்துக்கொள்ள அவருக்கு ஒரு மாதக் கணக்கைக் காட்ட வேண்டியிருந்தது. அதன் பிறகு இரண்டு பேர் இரவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள், மற்றவர்கள் சம்மதித்தார்கள். சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற வரியையும் கடிதத்தில் சேர்த்தோம்.

இனி வண்டி. மணிப்பூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பக்கத்துத் தெருவிலேயே அறை எடுத்திருக்கிறார்கள். அவர்களைக் கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் நடந்தே கொண்டுபோய் விடுகிறார். வீட்டுக்காரர் பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார், அதனால் வேலை நேரத்தைச் சொல்லி அவரிடம் நானே போய்ப் பேசி வந்தேன். கஷ்டமாக இருந்தது பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் வழி. ராத்திரி எட்டு மணிக்கு விஜயநகரில் நின்றால் பஸ் வந்துகொண்டே இருக்கும், சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்குக் காசும் இல்லை. ஒன்பதரைக்கு மேல் இடைவெளி விழுந்துவிடும். ஷேர் ஆட்டோவில் ஆண்கள் நடுவில் நெருக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

மாத வாடகைக்கு ஒரு ஆட்டோ பேசலாம் என்று ஸ்டாண்டில் கேட்டோம். மூன்று பெண்கள், ஒரே வண்டி, சரியாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிக்கரணையில் ஒருத்தி, மேடவாக்கத்தில் ஒருத்தி இறங்கிவிட்டால் பெரும்பாக்கம் வரை கடைசிப் பெண் டிரைவரோடு தனியாகப் போக வேண்டும். எந்த வழித்தடத்திலும் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடைசித் துண்டைத்தான். தேடிப் பார்த்ததில் பெரும்பாக்கத்திலேயே குடியிருக்கும், பிங்க் ஆட்டோ ஓட்டும் ஒரு அக்கா கிடைத்தார். அவர் எப்படியும் வீட்டுக்குத் திரும்பும் நேரம் அது, வண்டி காலியாகப் போக வேண்டியதில்லை என்பதால் வாடகையும் மாதம் 6,000 ரூபாய்க்கு முடிந்தது. லைசென்ஸ், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்களை வாங்கி வைத்தோம். அவர் வராத நாளில் பெரும்பாக்கப் பெண் ஏழு மணிக்கே பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். வேறு வண்டி பிடித்து அனுப்புவதில்லை.

வீடு போய்ச் சேர்ந்ததும் குரூப்பில் மெசேஜ் போட வேண்டும் என்பது விதி. அன்றைக்குக் கடைசியாகப் பூட்டுகிறவர் எல்லா மெசேஜும் வந்ததா என்று பார்ப்பார். ஒரு ராத்திரி பெரும்பாக்கத்திலிருந்து மெசேஜ் வரவில்லை. பதினைந்து நிமிஷம் பொறுத்துக் கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். டிரைவர் அக்காவைக் கூப்பிட்டால், "பிளாக் வாசல்லயே எறக்கிட்டேன் மேடம்" என்றார். பிறகு அவளுடைய அம்மாவின் நம்பருக்கு அடித்தேன். லிஃப்ட் ஓடவில்லையாம், ஏழு மாடி படியேறி அப்போதுதான் கதவைத் தட்டியிருக்கிறாள், போனில் சார்ஜ் இல்லை. அம்மாவின் நம்பர் என்னிடம் இல்லாமல் இருந்தால் 112-க்குத்தான் அடித்திருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் வீட்டில் இருக்கும் இன்னொருவரின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறோம். எட்டு மணிக்கு எல்லாருடைய போனும் சார்ஜில் போட வேண்டும். மெசேஜ் தெருமுனையிலோ படிக்கட்டிலோ போடக் கூடாது, வீட்டுக்குள் போன பிறகுதான். காவல் உதவி செயலியை எல்லார் போனிலும் ஏற்றி, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று உட்கார்ந்து காட்டிக் கொடுத்தோம்.

கஸ்டமர்கள் விஷயத்தில் சலூனுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஸ்மூத்தனிங் முடிந்த முடியை மூன்று நாளைக்குக் கட்டக் கூடாது, கிளிப் போடக் கூடாது, ஹெல்மெட் அழுத்தினால் மடிப்பு விழும். ஸ்கூட்டியில் வந்த பெண் ராத்திரி அதே ஸ்கூட்டியில் திரும்ப முடியாமல் தவிப்பார், அல்லது ஹெல்மெட் இல்லாமல் கிளம்புவார். இதைப் புக்கிங்கிலேயே சொல்லி, "எப்படித் திரும்பிப் போவீங்க?" என்று கேட்டுக்கொள்கிறோம். கார் புக் பண்ணி, அது கேன்சல் ஆகி, மறுபடி புக் பண்ணி நிற்பவர்கள் வெளியே படிக்கட்டில் நிற்க வேண்டியதில்லை. வண்டி வந்து நம்பர் பார்க்கும் வரை ஷட்டர் இறங்காது, வாசல் லைட் அணையாது. இரண்டு ஸ்டாஃப் உடன் இருப்பார்கள்.

இன்னொன்று, அப்பாயிண்ட்மென்ட் நோட்டு. அதில் பெண்களின் பெயர், போன் நம்பர், வரும் நேரம் எல்லாம் இருக்கும். முன்பு கவுன்டரில் திறந்தே கிடக்கும், பில் போட நிற்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இப்போது அது டிராயருக்குள் இருக்கிறது. கன்ஃபர்மேஷன் மெசேஜ் கடை நம்பரிலிருந்து மட்டுமே போகும், ஸ்டாஃப் யாரும் சொந்த போனில் கஸ்டமர் நம்பரைச் சேமிக்கக் கூடாது.

இப்போது நாங்கள் கையில் எடுத்திருப்பது கல்யாண மேக்கப். முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் மேக்கப் போடும் பெண் இரண்டரை, மூன்று மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். ஆணையில் சொல்லும் காலை 6 மணிக் கணக்கில் இதுவும் வருகிறது, ஆனால் பெரும்பாலான கடைகளில் "நீ எப்படியாவது வந்துடு" என்பதோடு விட்டுவிடுகிறார்கள். வரும் தை மாத புக்கிங்கிலிருந்து வண்டிச் செலவைப் பேக்கேஜிலேயே தனி வரியாகச் சேர்க்கிறோம், உதவிக்கு இன்னொரு பெண்ணும் உடன் போவாள். இரண்டு வீட்டார் விலையைக் கேட்டுப் பின்வாங்கினார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டம்மா மட்டும், "முந்தின ராத்திரியே மண்டபத்துல ரெண்டு பேருக்கும் ரூம் குடுத்துடறோம், வண்டி வேணாம்மா" என்றார். அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அந்த புக்கிங்கை எழுதியிருக்கிறேன்.