நோட்டீஸ் பழைய வீட்டுக்கு, நகை ஏலத்துக்கு

2025 ஜூன் கடைசி வாரத்தில், சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் நகையைத் திருப்பிவிடலாம் என்று இரண்டு லட்சத்தை எடுத்துக்கொண்டு அடகு வைத்த நிறுவனத்தின் ஈரோடு கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் கடன் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. "அக்கா, இது 20ஆம் தேதியே ஏலத்துக்குப் போயிருச்சுங்க" என்றான்.

மூன்று பவுன் செயின் ஒன்று, இரண்டு வளையல். அரக்கும் கல்லும் கழித்து அடகுச் சீட்டில் 38 கிராம். செயின் என் கல்யாணத்துக்கு அம்மா போட்டது. ஏப்ரல் 2024இல் மாற்றி வைத்தபோது கடன் 1,70,000 ரூபாய், மாதம் இரண்டு சதவீத வட்டி. அக்டோபருக்குப் பிறகு வட்டி கட்டவில்லை, ஒரு வருடக் கெடுவும் தாண்டிவிட்டது. அந்தத் தவறு என்னுடையது, அதை எங்கேயும் மறைக்கவில்லை. ஆனால் விற்கப் போகிறோம் என்று ஒரு தபாலோ போனோ எனக்கு வரவே இல்லை.

மேனேஜர் மூன்று பதில் வைத்திருந்தார். நோட்டீஸ் அனுப்பிவிட்டோம், பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிட்டோம், அடகு வைக்கும்போதே ஏலம் விட நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்தில் ஒரு வரியை விரலால் காட்டினார். நானும் அப்போது வாயடைத்துப்போய்த்தான் வெளியே வந்தேன். அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனதில் அரை நாள் வீண். கடன் விவகாரம், சிவில், நாங்கள் தலையிட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் என் நாத்தனார் மகன், வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன், அந்த மூன்று பதிலையும் பிரித்துச் சொன்னான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 176ஆவது பிரிவு அடகு பிடித்தவருக்கு நகையை விற்கும் உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அடகு வைத்தவருக்கு விற்பனை பற்றி நியாயமான அறிவிப்புக் கொடுத்த பிறகுதான். கையெழுத்துப் போட்ட நிபந்தனையைக் காட்டி அந்த அறிவிப்பைத் தள்ளிவிட முடியாது. பணம் கட்டுங்கள் என்று வரும் நினைவூட்டலும் இதற்குப் போதாது, விற்கப் போகிறோம் என்று அதில் இருக்க வேண்டும். அடுத்த 177ஆவது பிரிவு இன்னும் முக்கியம். கெடு தாண்டியிருந்தாலும், நகை உண்மையில் விற்கப்படும் நொடி வரைக்கும் பணத்தைக் கட்டி மீட்க நமக்கு உரிமை உண்டு. நோட்டீஸ் வராததால் நான் இழந்தது இந்த உரிமையைத்தான். ஏலத்துக்கு முன்னாலேயே உங்களுக்குச் செய்தி தெரிந்துவிட்டால், நகையை மீட்கத் தயார் என்று எழுதி, பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கிளையில் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி விதிப்படி, நான் அடகு வைத்தது மாதிரி வங்கி அல்லாத நகைக்கடன் நிறுவனங்கள் இரண்டு நாளிதழில், அதில் ஒன்று உள்ளூர் மொழியில், ஏலத்தை அறிவிக்க வேண்டும். ஆனால் அது ஏலம் எடுக்க வருகிறவர்களுக்கானது. மேனேஜர் காட்டிய துண்டில் என் பெயரே இல்லை, நெருக்கியடித்த கடன் எண்கள்தான். கடன் வாங்கியவருக்குத் தனியாகச் செய்தி போயாக வேண்டும் என்பது வேறு விதி. ஒன்றைச் செய்ததால் மற்றது நிறைவேறிவிடாது.

ஆக, எல்லாம் அந்த முதல் பதிலில் வந்து நின்றது. அனுப்பினோம் என்கிறார்களே, எங்கே அனுப்பினார்கள்?

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நோட்டீஸ் நகலைக் கேட்டால் உடனே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தேதி இருக்கும், உங்கள் பெயர் இருக்கும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். அது கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பதற்குத்தான் சாட்சி, தபாலில் போனது என்பதற்கு இல்லை. கேட்க வேண்டியது தபால் ஆபீசில் பதிவு செய்த ரசீது. எனக்கு அது மூன்றாவது தடவை போனபோதுதான் கிடைத்தது. முதல் தடவை ஹெட் ஆபீசில் இருக்கிறது, இரண்டாவது தடவை மேனேஜர் லீவு. மூன்றாவது தடவை எழுத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் சீல் போடாமல் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். மதியத்துக்கு மேல் ஒரு தாள் வந்தது. மொத்தமாகப் பதிவுத் தபால் போட்டதன் பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 13 எழுத்தில் ஒரு எண், R என்று தொடங்கி IN என்று முடிவது. என் பெயர் இருந்தது. ஊர் ஈரோடு.

நாங்கள் 2023 கடைசியிலேயே பெருந்துறைக்குக் குடி மாறிவிட்டோம். 2024இல் மாற்றி வைத்தபோது புது முகவரி போட்ட ஆதார் நகலை அவர்களே வாங்கினார்கள், புதுச் சீட்டில் பெருந்துறை முகவரிதான் அச்சாகியிருக்கிறது. நோட்டீஸ் அனுப்பும் பட்டியலில் மட்டும் பழைய முகவரி அப்படியே கிடந்திருக்கிறது. என் செல் எண்ணுக்கு நகைக்கடன் சலுகை என்று மாதம் இரண்டு தடவை மெசேஜ் வந்துகொண்டிருந்தது, ஏலத்துக்கு ஒன்றுகூட வரவில்லை.

அந்த எண்ணைத் தபால் துறைத் தளத்தில் போட்டுப் பார்த்தபோது கை நடுங்கியது. ஜூன் 14 பதிவு. ஜூன் 17 பெறுநர் இடம் மாறிவிட்டார். ஜூன் 19 அனுப்பியவரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஏலம் ஜூன் 20. அதாவது, எனக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது நகையை விற்பதற்கு முந்தின நாளே அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பக்கத்தை அப்போதே பிரிண்ட் எடுத்து வைத்தேன். நீங்களும் தள்ளிப் போடாமல் எடுங்கள்.

ஜூலை 2ஆம் தேதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோடு கடிதம் போட்டேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பொறுக்க மாட்டாமல் ஜூலை 20ஆம் தேதி, இந்த மாதிரி நிறுவனங்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் போட்டேன். ஏற்க இயலாது என்று வந்துவிட்டது. நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் கொடுத்த பதில் திருப்தியில்லாமல் இருக்க வேண்டும். என் அவசரத்தால் ஒரு புகார் வீண். கிளையில் வாயால் சண்டை போட்ட நாட்கள் எதுவும் இந்த முப்பதில் சேராது, எழுத்தில் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. இன்னொன்று, இதே விஷயம் கோர்ட்டிலோ நுகர்வோர் ஆணையத்திலோ நடந்துகொண்டிருந்தால் ஓம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் எதை முதலில் தட்டுவது என்று யோசித்துப் போங்கள். கட்டணம் எதுவும் இல்லை, வக்கீலும் வேண்டாம் என்பதால் நான் இதை முதலில் எடுத்தேன்.

ஆகஸ்ட் 4ஆம் தேதி மறுபடி போட்டேன். இந்தத் தடவை கதை எழுதவில்லை. புதுச் சீட்டு, தபால் பட்டியல், தபால் தளத்தின் பக்கம் என்று மூன்று தாள், அவற்றை ஒட்டி ஒரு பக்கம். கோரிக்கையைத் தொகையாகவே எழுதினேன். நகையைத் திருப்பிக் கொடு என்று கேட்பதில் பயனில்லை, அது உருகிப் போயிருக்கும்.

அந்தத் தொகை வந்த விதம் இது. ஏலக் கணக்கைக் கேட்டு வாங்கியதில், 38 கிராமும் 2,93,000 ரூபாய்க்குப் போயிருந்தது, கிராமுக்கு ஏறக்குறைய 7,710. அந்த வாரம் 22 காரட் 9,000 ரூபாயை ஒட்டி இருந்தது. முந்தைய 30 நாள் சராசரி விலையில் 85 சதவீதத்துக்குக் குறையாமல் விற்றால் போதும் என்பதுதான் அப்போதைய விதி, அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே விற்றிருக்கிறார்கள். விலையில் மட்டும் குற்றம் பிடித்திருந்தால் நான் தோற்றிருப்பேன். நோட்டீஸ் வந்திருந்தால் விற்கவே விட்டிருக்க மாட்டேன் என்பதால், சந்தை மதிப்பு 3,42,000க்கும் அவர்கள் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் 49,000ஐ நஷ்டமாகக் கேட்டேன். அதோடு, அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்ந்து என் பாக்கி 2,01,000 போக மிச்சம் 92,000. அது என் பணம். ஏலம் முடிந்து ஆறு வாரம் ஆகியும் அப்படி ஒரு மிச்சம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நான் கணக்குக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. 2026 ஏப்ரல் 1 முதலான புது விதியில் இந்த மிச்சத்தை ஏழு வேலை நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், அடிப்படை விலையும் 90 சதவீதம். இரண்டு ஏலம் போணியாகாவிட்டால்தான் 85க்கு இறங்கலாம்.

ஓம்பட்ஸ்மேன் ஆபீஸ் நிறுவனத்திடம் பதில் கேட்டது. நோட்டீஸ் முறைப்படி அனுப்பப்பட்டது என்றுதான் முதலில் எழுதினார்கள். திரும்பி வந்த உறையைக் காட்டச் சொல்லுங்கள் என்று நான் பதில் போட்டேன். அவர்கள் அனுப்பிய ஸ்கேனில் பழைய தெரு முகவரியின் மேல் நீலப் பேனாவில் குறுக்கே ஒரு கோடு, ஓரத்தில் தபால்காரர் கையெழுத்தில் "குடிமாறி விட்டார் 17/6". அதற்குக் கீழே அந்தக் கிளையின் சீல், பெற்றுக்கொண்ட தேதி 19. அந்த உறை வந்த பிறகு அவர்கள் பேச்சு மாறிவிட்டது.

சமரசத்துக்கு முதலில் 92,000த்தோடு 20,000 தருகிறோம் என்றார்கள். மறுத்தேன். அக்டோபரில் ஏலச் செலவு, அபராத வட்டி என்று பிடித்ததையும் சேர்த்து 1,47,000க்கு ஒப்புக்கொண்டார்கள், நவம்பர் முதல் வாரம் கணக்கில் வந்தது. அதற்குள் தங்கம் கிராம் 11,000த்தைத் தாண்டிவிட்டது. அன்றைய விலைக்கே கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம் என்று நாத்தனார் மகன் இன்னும் சொல்கிறான். எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாததால் நான் போகவில்லை, செய்கூலியும் கிடைக்கவில்லை.

என் பக்கம் நின்றது அந்தப் புதுச் சீட்டில் இருந்த பெருந்துறை முகவரிதான். குடி மாறியதை நான் சொல்லாமலே விட்டிருந்தால், சொன்ன முகவரிக்கு அனுப்பினோம் என்று அவர்கள் கைகழுவியிருப்பார்கள். அடகு வைத்தவர்கள் இன்றைக்கே சீட்டை எடுத்து முகவரியைப் பாருங்கள். மாறியிருந்தால் கிளைக்கு எழுத்தில் கொடுத்து சீல் வாங்குங்கள், நோட்டீஸ் அனுப்பும் பட்டியலிலும் மாற்றியாகிவிட்டதா என்று தனியாகக் கேளுங்கள்.