நான்கு ஊர்களை இணைத்த காபி சந்திப்பு: ஜோடியும் நேரமும் குறித்த விதம்

எங்கள் குழுவில் பதினான்கு பேர் இருந்தோம். சென்னையில் ஆறு பேர், பெர்லினில் மூவர், டொரண்டோவில் மூவர், சிங்கப்பூரில் இருவர். அலுவல் பேச்சைத் தாண்டி ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள, மாதம் ஒருமுறை அனைவரும் ஒரே காணொளி அழைப்பில் கூடும் ஏற்பாடு முன்பே இருந்தது. இந்திய நேரம் மாலை ஆறரைக்கு அது தொடங்கும். அப்போது பெர்லினில் பிற்பகல் மூன்று மணி, டொரண்டோவில் காலை ஒன்பது. சிங்கப்பூரிலோ இரவு ஒன்பது. பதினான்கு பேர் கூடும் அழைப்பில் நால்வர் பேசினால் மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்க முடியும். அதுவும் ஒவ்வொரு முறையும் அதே இருவர், குழந்தைகளைத் தூங்க வைக்கும் வேளையில் வந்து உட்கார வேண்டியிருந்தது. இந்தத் தொடரை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பொது அழைப்பை விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவர் இருவராக இருபத்தைந்து நிமிடம் சந்திக்கும் முறைக்கு மாற்றினேன்.

ஜோடி சேர்க்கச் சீட்டுக் குலுக்கினால் போதும் என்று தோன்றலாம், ஆனால் நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அது ஒத்துவராது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இரண்டரை மணி நேரமே வித்தியாசம் என்பதால், இங்கே காலை பத்தரை என்றால் அங்கே பகல் ஒரு மணி, சந்திப்பு எளிது. பெர்லினுக்கும் மற்ற மூன்று ஊர்களுக்கும் பொதுவான வேலை நேரம் ஓரளவு கிடைக்கிறது. சிங்கப்பூருக்கும் டொரண்டோவுக்கும் இடையில்தான் கோடையில் பன்னிரண்டு மணி நேரம், குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேரம். இந்த வகையில் ஆறு ஜோடிகள் வருகின்றன, இவற்றில் எப்படியும் ஒருவர் தம் சொந்த நேரத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஆகவே விரிதாளில் பதினான்கு பெயர்களை மேல்வரிசையிலும் பக்கவாட்டிலும் எழுதி, இருவர் சந்திக்கும் கட்டத்தில் சுற்று எண்ணைக் குறிக்கும்போது, இந்த ஆறு கட்டங்களைத்தான் முதலில் நிரப்பினேன். ஒருவருக்கே அடுத்தடுத்த சுற்றுகளில் கடினமான நேரம் விழாதபடி அவற்றைப் பரப்பி வைத்த பிறகே மற்ற ஜோடிகளைச் சேர்த்தேன். சிங்கப்பூரில் இருப்பவர் ஒருவர் வேறு ஊர்களில் உள்ள பன்னிரண்டு பேரையும் சந்திக்கப் பன்னிரண்டு சுற்றுகள், அதாவது ஏறக்குறைய ஆறு மாதங்கள் தேவை. சென்னையில் இருப்பவருக்கு வெளியூர்த் தோழர்கள் எட்டுப் பேர்தான் என்பதால், மீதிச் சுற்றுகளில் உள்ளூர்க்காரரோடு ஜோடி சேர்வார்.

அந்த ஆறு ஜோடிகளுக்கும் பாதி முறை டொரண்டோ இரவு எட்டு மணியிலும், மீதி முறை டொரண்டோ காலை எட்டு மணியிலும் நேரம் வைத்தேன். டொரண்டோ இரவில் சந்திப்பதென்றால் வெள்ளிக்கிழமையைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அப்போது சிங்கப்பூரில் சனிக்கிழமை விடிந்திருக்கும். கோடையில் நடந்த ஒரு சந்திப்பைப் பற்றிச் சிங்கப்பூர்த் தோழி பின்னர் சொன்னார்: காலை எட்டு மணிக்கு அவர் கையில் கோப்பி-ஓ, எதிர்ப்பக்கம் தூக்கம் கெடக் கூடாதென்று காஃபீன் நீக்கிய காபியோடு டொரண்டோ தோழர். எந்தக் காபி எந்த ஊரில் எப்படிக் கலக்கப்படுகிறது என்பதிலேயே முழு நேரமும் போய்விட்டதாம். எனக்கு அது மிகுந்த நிறைவைத் தந்தது.

அதிகக் கவனம் தேவைப்பட்டது மணி மாற்றத்துக்குத்தான். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் மாறுவதில்லை. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தும் கோடை நேரம் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு முடிகிறது. டொரண்டோவிலோ மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. 2025 மார்ச் 9 முதல் 30 வரை பெர்லினுக்கும் டொரண்டோவுக்கும் வழக்கமான ஆறு மணி நேர வித்தியாசம் ஐந்தாகச் சுருங்கியது இதனால்தான். நாட்காட்டி அழைப்பை இந்திய நேரத்தில் பதிந்தால், நவம்பரில் சென்னை மாலை ஆறரை என்பது டொரண்டோவில் காலை எட்டு மணியாகிவிடும். அது பிள்ளைகளைப் பள்ளியில் விடும் வேளை. டொரண்டோ நேரத்தில் பதிந்தால் சென்னைக்கு இரவு ஏழரை. இரு தரப்பையும் கேட்டு, குளிர்காலத்துக்கு மட்டும் அங்கே காலை எட்டரை, இங்கே இரவு ஏழு என்று நடுவில் வைத்தோம்.

தொடர் சரியாகப் போகிறதா என்பதை வருகை எண்ணிக்கை காட்டாது. யார் அடிக்கடி நாள் மாற்றக் கேட்கிறார் என்பதையே நான் கவனிக்கிறேன். ஒரே ஊரிலிருந்து அத்தகைய கோரிக்கைகள் தொடர்ந்து வந்தால், ஆர்வக் குறைவு என்று எண்ணுவதற்கு முன் அவர்களுக்கு ஒதுக்கிய மணியைத்தான் சரிபார்க்க வேண்டும். அண்மையில் பெர்லினில் நான்காவதாக ஒருவர் சேர்ந்ததால் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சந்திப்பை மூவர் சந்திப்பாக, சென்னை, பெர்லின், டொரண்டோ ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் ஒவ்வொருவரைக் கொண்டு, நாற்பது நிமிடத்துக்கு அமைத்திருக்கிறேன்.